கழன்ற லேபிளைத் திருப்பி ஒட்டுங்கள்: வீடியோ தளங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ பகிரும் தளங்களின் கொள்கைப் பொறுப்பாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

திருகோணமலையில் கடல் ஊருக்குள் ஏறுவதாகக் காட்டும் அந்த வீடியோவைப் பற்றி ஏற்கனவே முறையிட்டிருக்கிறோம். பின்னணி உங்களுக்குத் தெரியும். முதலில் பதிவேறியபோது அது ஏஐ வீடியோ என்று உங்கள் லேபிள் சொன்னது. வேறொரு கணக்கிலிருந்து மறுபடி பதிவேறியபோது லேபிள் இல்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கைபேசிக்குக் கைபேசி போனது இந்த இரண்டாவதுதான். 'ஏஐ என்றால் தளமே போட்டிருக்குமே, போடவில்லையே' என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் மேல் பிழை இல்லை. அப்படி நம்பப் பழக்கியது நீங்கள்தான்.

2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரை இது. அலை வருகிறது என்றால் இங்கே யாரும் சரிபார்த்துவிட்டு ஓடுவதில்லை. படுக்கையில் கிடக்கும் அம்மம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைப்பார்கள். நடுச்சாமத்தில் அப்படி ஓடுவது என்னவென்று உங்கள் முறைப்பாட்டுப் படிவத்தில் எழுத இடமில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். நீங்கள் லேபிள் போட்ட வீடியோ லேபிள் கழன்று திரும்பி வந்தால், அந்த லேபிளையும் திருப்பி ஒட்டுங்கள்.

லேபிள் எப்படிக் கழல்கிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு வீடியோ எங்கிருந்து, எப்படி வந்தது என்பதைக் கோப்பிலேயே பதியும் பொது முறை சி2பிஏ. அதன்படி கருவி எழுதும் சான்று, எம்பி4 கோப்புக்குள் தனிப்பெட்டி ஒன்றில் இருக்கிறது. எந்தக் கருவி தயாரித்தது, ஏஐயால் உருவானதா என்ற விவரங்களோடு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்ற அடையாள எண்ணும் டிஜிட்டல் கையொப்பமும் அதில் உண்டு. வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் செயலி அதை மறுபடி சுருக்கிப் புதுக் கோப்பாக எழுதும். படமும் ஒலியும் போய்ச் சேரும், பெட்டி சேராது. திரையைப் பதிவு செய்தாலும் இதே கதை. பெட்டியை மட்டும் யாராவது பெயர்த்து வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் கோப்பு மாறியதால் ஹாஷ் பொருந்தாது. சான்றுள்ள வீடியோ ஒன்றை a.mp4 என்ற பெயரில் வைத்து, சான்றை வாசிக்கும் c2patool, வீடியோவை வெட்டும் ffmpeg ஆகிய இரண்டு இலவசக் கருவிகளால் கணினி உள்ளவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம்:

```
c2patool a.mp4
ffmpeg -i a.mp4 -vf "crop=ih*9/16:ih" b.mp4
c2patool b.mp4
```

முதல் வரிக்குச் சான்று முழுவதும் திரையில் விரியும். மூன்றாவதற்குச் சான்று எதுவும் இல்லை என்ற பதில்தான் வரும். நடுவில் உள்ள வரி செய்தது, அகலமான வீடியோவைக் கைபேசிக்கேற்றபடி நெடுக்காக வெட்டியது மட்டுமே.

அந்த வெட்டு இன்னொன்றையும் செய்கிறது. 1920×1080 வீடியோவை 9:16 அளவுக்கு வெட்டினால் அகலத்தில் ஏறத்தாழ 607 பிக்சல்தான் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மூலையில் போட்ட வாட்டர்மார்க் அதோடு போய்விடும். கெட்ட எண்ணம் தேவையில்லை, எடிட்டிங் செயலியில் நெடுக்கு அளவைத் தெரிவு செய்தாலே போதும். 2025 செப்டம்பர் இறுதியில் வந்த சோரா 2, சின்னத்தை இடம் மாற்றி மாற்றிக் காட்டியது. அதை அழிக்கும் கருவிகள் சில நாட்களிலேயே இணையத்தில் வந்துவிட்டன.

கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க், உதாரணமாக கூகுளின் சின்த்ஐடி, பிக்சல்களிலேயே கலந்திருப்பதால் சுருக்கலையும் ஓரளவு வெட்டலையும் தாங்கும். ஆனால் அதன் சோதனைக் கருவி சின்த்ஐடி முத்திரையை மட்டுமே அறியும். அந்த முத்திரையைப் போடாத கருவியில் செய்த வீடியோவைக் கொடுத்தால் ஒன்றும் கிடைக்காது. வெளிப்படையாகக் கிடைக்கும் மாடலைச் சொந்தக் கணினியில் ஓட்டுபவர் முத்திரையே போடாமல் விடலாம்.

ஆகையால் மிஞ்சுவது படத்தின் கைரேகை, அதாவது படத்தின் தோற்றத்திலிருந்தே கணக்கிடும் ஒரு சிறு குறியீடு. இதை உங்களால் செய்ய முடியாது என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம். பதிப்புரிமை உள்ள பாட்டைக் கல்யாண வீடியோவில் இருபது செக்கன் போட்டால் கண்டுபிடிக்கிறீர்கள். பாட்டுக்கு முதலாளி இருக்கிறார், எங்கள் கரைக்கு இல்லை என்பதுதான் காரணமா? பிடிகியூ என்ற படக் கைரேகை முறையை பேஸ்புக் 2019லேயே எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஒரு பிரேமை அது 256 பிட்டாகச் சுருக்கும். இரண்டு பிரேம்களுக்கு இடையில் 31 பிட் வரை வேறுபட்டால் ஒரே படம் என்று கொள்வது வழக்கம். சுருக்கலும் அளவு மாற்றமும் இதை ஏமாற்றாது. வெட்டு ஏமாற்றும், அதுதான் இதன் பலவீனம்.

அதற்கும் வழி உண்டு. லேபிள் போடும் அந்தக் கணமே முழுப் பிரேமோடு இடது, நடு, வலது நெடுக்கு வெட்டுகளுக்கும் கைரேகை எடுத்து வையுங்கள். கண்ணாடிபோல் திருப்பியதற்கும் எடுங்கள். பத்து செக்கன் வீடியோவுக்கு செக்கனுக்கு ஒரு பிரேம் எடுத்தால், 10 பிரேம், ஒவ்வொன்றுக்கும் 4 வடிவம், திருப்பியதோடு இருமடங்கு, மொத்தம் 80 கைரேகை. ஒன்று 32 பைட். ஆக 2,560 பைட். அந்த வீடியோவோடு நீங்கள் காட்டும் விளம்பரத்தின் சின்னப் படம்கூட இதைவிடப் பெரிது.

இதுவும் எல்லாவற்றையும் பிடிக்காது. இன்னொரு கைபேசியால் சாய்வாகத் திரையைப் படமெடுத்து, மேலே பாதிக்கு எழுத்துப் போட்டால் தவறும். பொய்யை விளக்க அந்தக் காட்சியைக் காட்டும் செய்தியாளரின் வீடியோவும் மாட்டும். அதனால் மறுபதிவில் 'இது ஏஐ' என்று அடித்துச் சொல்லாமல், 'ஏஐ என்று முன்பு குறிக்கப்பட்ட வீடியோவின் காட்சி இதில் உள்ளது' என்று எழுதி, மேன்முறையீட்டுக்கு இடம் விடுங்கள். முழுதாக ஏஐ உருவாக்கியது என்று சான்று சொல்லும் வீடியோக்களுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். உண்மையான வெள்ளக் காட்சியை ஒருவர் ஏஐயால் மெருகேற்றி லேபிள் வாங்கியிருப்பார். அதைப் பின்தொடர்ந்து மூலக் காட்சிக்கும் லேபிள் விழுந்தால், மூதூரிலோ கிண்ணியாவிலோ உதவி கேட்பவரைப் பொய்யராக்கிவிடுவீர்கள்.

'கேமராவில் எடுத்தது' என்ற பெருமைக்குரிய குறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சான்று எழுதும் கேமராவை ஏஐ வீடியோ ஓடும் திரைக்கு முன்னால் வைத்துப் படமெடுத்தால், அந்தக் கேமரா நேர்மையாகக் கையொப்பம் போடும். எடுத்தது கேமராதானே! மாநாட்டு மேடைகளில் நீங்கள் காட்டும் விளக்கப் படங்களில் இதை நாங்கள் பார்த்ததில்லை.

கோபத்தில் தடம் மாறிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பதை முறையாகவே கேட்கிறோம். பதிவேற்றத்தில் வரும் சான்றை வாசித்தவுடன், நீங்கள் மறுபடி சுருக்கும் பிரதிக்கு மூலத்தைச் சுட்டும் புதுச் சான்றை உங்கள் கையொப்பத்தோடு எழுதுங்கள். சி2பிஏ விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது. பதிவிறக்கும்போதும் அதைக் கோப்போடு விடுங்கள். சான்று கழன்று திரும்பும் பிரதியைக் கைரேகையால் பிடித்து, லேபிளைத் திருப்பி ஒட்டுங்கள். அந்த லேபிளை மூன்று புள்ளி மெனுவுக்குள் ஒளிக்காமல், தமிழிலும் சிங்களத்திலும் படத்தின் மேலேயே காட்டுங்கள். எதுவும் கிடைக்காத வீடியோவில் 'மூலம் தெரியவில்லை' என்று எழுதுங்கள்.

இவற்றில் எதை எப்போது செய்யப்போகிறீர்கள் என்பதை வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் எழுத்தில் அறியத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முறைப்பாடு கிடைத்தது என்ற தானியங்கிப் பதில் எங்களிடம் போதுமான அளவு இருக்கிறது.

இப்படிக்கு,
திருகோணமலையில் வீடியோக்களைச் சரிபார்க்கும் தொண்டர்கள்