"யார் பொறுப்பு?"

ஆசிரியர் அவர்கட்கு,

வாட்ஸ்அப்பில் இளைஞர்கள் மரியாதை இல்லாமல் எழுதுகிறார்கள் என்று கடந்த ஞாயிறு இதழில் ஒரு வாசகர் வருந்தியிருந்தார். போன மாதம் என்றால் நானும் தலையாட்டியிருப்பேன்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் தண்ணீர் மோட்டர் என் பொறுப்பில் இருக்கிறது. நாலாம் மாடிக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் ஒரு நாள் இரவு 10.40க்குக் குழுவில் எழுதினார்: "மோட்டர் இன்னும் ஓடுது. யார் பொறுப்பு?" வந்து இரண்டு கிழமை ஆகவில்லை, அதற்குள் கணக்குக் கேட்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. காரசாரமாக நாலு வரி தட்டிவிட்டேன். அனுப்பவில்லை. எட்டிப் பார்த்த மனைவி அந்த மெசேஜைச் சாதாரணக் குரலில் வாசித்து, "யாரைக் கூப்பிடுறது எண்டுதானே கேட்கிறார்?" என்றார். அதே ஐந்து சொற்கள்தான். அதட்டலை நானே சேர்த்து வாசித்திருக்கிறேன்.

இதைப் பற்றி ஆய்வுகளும் இருக்கின்றன. குரூகர், எப்லி முதலானோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சில வசனங்களைக் கிண்டலாகவோ உண்மையாகவோ மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். 78 வீதம் சரியாகப் புரியும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். புரிந்தது 56 வீதம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வீதம் சரிவரும்! குரலில் சொன்னபோது 73 வீதம் புரிந்தது. இந்தக் கணக்கு கிண்டலைப் பற்றியது மட்டுமே. மின்னஞ்சலில் நல்லது சாதாரணமாகவும், சாதாரணமானது கெட்டதாகவும் வாசிக்கப்படும் என்று 2008இல் வாதிட்டவர் கிறிஸ்டின் பைரன். தெரிந்தவர் எழுதினால் அவருடைய குரல் நம் காதில் இருக்கும். புது ஆள் என்றால் அந்த இடத்தை நம் சந்தேகமே நிரப்பிவிடுகிறது.

சரி, திருப்பிக் கேட்டுத் தெளிவுபடுத்தலாமே என்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. "என்ன சொல்ல வாறீங்கள்?" என்று கேட்டால் அதுவே சண்டைக்கு அழைப்பதுபோல் இருக்கும். ஆளின் நோக்கத்தை விட்டுவிட்டு நடந்ததைக் கேட்க வேண்டும். நான் "தம்பி, தாங்கி வழியுதோ?" என்று கேட்டேன். உடனே பதில் வந்தது: "ஓம் ஐயா, மொட்டைமாடியில நிக்கிறன். மோட்டர் அறை பூட்டியிருக்கு, திறப்பு யாரிட்ட?" அவர் திட்டித்தான் பதில் போட்டிருந்தால் முதல் மெசேஜும் திட்டுத்தான் என்று தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு கோபப்படவும் நேரம் இருந்திருக்கும்.

மோட்டரை நிறுத்திவிட்டு வந்து குழுவை மேலே தள்ளிப் பார்த்தேன். அவர் குடிவந்த அன்று நான் போட்ட முதல் மெசேஜ் கிடந்தது: "குப்பை செவ்வாய் மட்டும்."

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்,
கொழும்பு 06