செம்பு மட்டும் போதாது, குளோரினும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தீபாவளி இதழில் வந்த வாணவேடிக்கைக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் பெட்டிச் செய்தியில் ‘சோடியம் – மஞ்சள், ஸ்ட்ரான்சியம் – சிவப்பு, பேரியம் – பச்சை, செம்பு – நீலம்’ என்று போட்டிருக்கிறீர்கள். முதல் வரி சரி. மற்ற மூன்றிலும் பாதி விஷயம் விட்டுப்போயிருக்கிறது. விட்டுப்போனது குளோரின்.

சோடியத்தை எல்லாரும் பார்த்திருப்போம். உப்புப் போட்ட உலைத் தண்ணீர் பொங்கி வழிந்தால் காஸ் அடுப்பின் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகிறது. அங்கே உப்பு எரியவில்லை. சுடரின் சூட்டில் ஆவியாகி, சோடியம் அணுக்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. அணுவின் வெளிவட்ட எலக்ட்ரான் சூட்டை வாங்கி ஒரு படி மேலே ஏறும், உடனே இறங்கும். இறங்கும்போது விடும் ஒளியின் அலைநீளம் 589 நானோமீட்டர், அதாவது அச்சு அசலான மஞ்சள். பட்டாசிலும் இதேதான் நடக்கிறது. உலோக உப்பு எரிபொருள் அல்ல. கரித்தூளோ பிசினோ எரிகிறது, பெர்குளோரேட் போன்ற உப்பு அதற்கு ஆக்சிஜன் தருகிறது, அந்தச் சூட்டில் உலோகம் ஒளிர்கிறது.

செம்புக்கு வந்தால் கதை மாறுகிறது. பள்ளி ஆய்வகத்தில் செம்பு உப்பான மயில்துத்தத்தைச் சுடரில் காட்டினால் பச்சைதான் வரும். “சார், பத்திரிகையில நீலம்னு போட்டிருக்கே?” என்று பையன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சுடரில் செம்பு, ஆக்சிஜனோடும் ஹைட்ரஜனோடும் சேர்ந்து சிறு மூலக்கூறுகளாகிவிடுகிறது. பச்சை அந்த மூலக்கூறுகளின் நிறம். அதே செம்பு ஒரு குளோரின் அணுவோடு சேர்ந்து CuCl ஆக இருந்தால்தான் 420-லிருந்து 460 நானோமீட்டர் வரையில் நீலமாக ஒளிரும். பழைய மின்வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பவர்களைப் பார்த்திருந்தால், அந்தத் தீயில் பச்சையும் நீலமும் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். வயரின் மேலுறை பி.வி.சி. அதில் குளோரின் இருக்கிறது, உள்ளே செம்பு இருக்கிறது. நச்சுப்புகை என்பதால் யாரும் செய்து பார்க்க வேண்டாம். ஆனால் வானில் சிதறும் பேன்சி ரகப் பட்டாசின் நீல மருந்து மணிகளிலும் தத்துவம் இதுவேதான். செம்பு ஆக்சைடு அல்லது செம்பு கார்பனேட்டோடு, குளோரின் தருவதற்கென்றே பி.வி.சி. தூள் போன்ற ஒன்றைச் சேர்க்கிறார்கள். குளோரைடு உப்பையே நேராகப் போட்டால் என்ன என்று தோன்றும். அவற்றில் பலவும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மருந்து நமத்துப்போகும்.

சரி, குளோரின் சேர்த்தாகிவிட்டது, நீலம் வந்துவிடுமா? அவ்வளவு சுலபமில்லை. CuCl மூலக்கூறு சூட்டைத் தாங்காது. சுடர் அதிகம் சூடானால் செம்பும் குளோரினும் பிரிந்துவிடும், நீலம் போய்விடும். சூடு குறைந்தாலோ ஒளி மங்கலாக இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே குறுகலான ஓர் இடத்தில்தான் நல்ல நீலம் கிடைக்கிறது. சிவப்புக்கும் பச்சைக்கும் மக்னீசியத்தூளோ அலுமினியத்தூளோ சேர்த்துப் பளிச்சென்று ஆக்கலாம். நீலத்தில் அதைச் செய்தால் வெப்பம் எகிறிவிடும். போதாததற்கு அந்த உலோகங்கள் எரிந்து வரும் ஆக்சைடுத் துகள்கள் வெள்ளையாகத் தகித்து, இருக்கிற கொஞ்ச நீலத்தையும் விழுங்கிவிடும். வானத்தில் சிவப்பும் பச்சையும் தாராளமாகச் சிதறும்போது, ஆழ்ந்த நீலம் அபூர்வமாகவே தென்படுவதற்குக் காரணம் இதுதான். ஸ்ட்ரான்சியம் சிவப்பையும் செம்பு நீலத்தையும் கலந்து எடுக்கும் ஊதா இன்னும் கஷ்டம், ஒன்று கொஞ்சம் தூக்கினாலும் மற்றது காணாமல் போகும்.

அடுத்த முறை நீல வாணம் விட்டால் உற்றுப் பாருங்கள். வெளிறிப்போய் வெள்ளை தட்டினால் சூடு அதிகம். விளிம்பில் பச்சை தெரிந்தால் குளோரின் பற்றவில்லை. ஒருவிதமான சாம்பல் ரோஜா நிறம் கலந்திருந்தால் பெரும்பாலும் எங்கிருந்தோ சோடியம் புகுந்திருக்கிறது. சோடியத்தின் மஞ்சள் அவ்வளவு வலுவானது, துளி இருந்தாலே மற்ற நிறத்தைக் கெடுத்துவிடும்.

சிவப்பும் பச்சையும் இதே குடும்பம்தான். பளிச்சென்ற சிவப்பைத் தருவது SrCl, இலைப்பச்சையைத் தருவது BaCl. இரண்டுமே ஒரே ஒரு குளோரின் அணு ஒட்டிய மூலக்கூறுகள். பாட்டிலில் அடைத்து விற்கும் பேரியம் குளோரைடில் இரண்டு குளோரின் இருக்கும், அது வேறு. BaCl சுடருக்குள் உருவாகிச் சுடருக்குள்ளேயே மறைந்துவிடும், எடுத்து வைக்க முடியாது. குளோரின் இல்லாவிட்டால் பேரியம் வெளிறிய ஒளியைத்தான் தரும்.

கட்டுரையில் பேரியம் தடையைப் பற்றி ஒரே வரியில் சொல்லி, பச்சை நிறப் பட்டாசுகள் மட்டுமே பாதிக்கப்பட்டது போல எழுதியிருக்கிறீர்கள். சிவகாசிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது, 2021 அக்டோபரில் அதை மறுபடியும் வலியுறுத்தியது. அடி விழுந்தது சாதாரணக் கம்பி மத்தாப்புக்கும்தான். பச்சையே இல்லாத மத்தாப்பில் பேரியத்துக்கு என்ன வேலை? அங்கே பேரியம் நைட்ரேட் நிறத்துக்காக இல்லை, ஆக்சிஜனுக்காக இருக்கிறது. அலுமினியத்தூளும் இரும்புத்தூளும் எரிய அதுதான் ஆக்சிஜன் தருகிறது. எளிதில் நமத்துப்போகாது, கம்பியில் நிதானமாக எரியும். மருந்தில் குளோரின் இல்லாததால் பச்சை வருவதில்லை, வெள்ளைப் பூவாகச் சிதறுகிறது. பச்சை நிறம் மட்டும்தான் பிரச்சினை என்றால் போரான் சேர்மங்களை வைத்துக் குளோரினும் இல்லாமல் பேரியமும் இல்லாமல் ஒரு பச்சையை எடுத்துவிடலாம். கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும், இருந்தாலும் பச்சைதான். மத்தாப்பில் பேரியம் நைட்ரேட்டின் இடத்தை நிரப்புவது வேறு மாதிரியான வேலை.

கடைசியாக ஒரு திருத்தம். 14-ஆம் பக்கத்தில் புஸ்வாணப் படத்துக்குக் கீழே ‘சோடியம் உப்பு தரும் தங்க நிறம்’ என்று இருக்கிறது. இல்லை. அது இரும்புத்துகளும் கரித்துகளும் சூடேறித் தகிக்கும் நிறம், கொல்லன் உலையில் பழுத்த இரும்புக்கு இருப்பது போன்றது. அந்த நிறத்தைத் தருவதில் உலோக உப்புக்கு வேலையே இல்லை. வண்ண வாணங்கள் வருவதற்கு முன்னால், பல நூறு வருடங்களாக உலகம் பார்த்த வேடிக்கை எல்லாம் இந்தப் பொன்னிறம்தான். ஆக்சிஜனோடு குளோரினையும் தரும் குளோரேட் உப்பு 1780-களில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே மற்ற நிறங்களுக்கு வழி பிறந்தது. சந்தேகமிருந்தால் புஸ்வாண வெளிச்சத்தில் ஒரு சிவப்புப் புடவையைப் பாருங்கள், சிவப்பாகவே தெரியும். பழைய சோடியம் தெருவிளக்கின் கீழே அதே புடவை மண் நிறமாகிவிடும். அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்திவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
சாத்தூர்