போதகர்களுக்கு ஒரு எழுத்தரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர்களுக்கு,

லஞ்சம் வாங்குகிறவர்களைக் கண்டித்துப் போன வாரமும் பிரசங்கித்தீர்கள். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நான் அதில் ஒரு வார்த்தையையும் மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் வேலைக்கு எடுத்துப்போக அதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தயவுசெய்து எங்கள் மேசை வரை இறங்கி வந்து பிரசங்கியுங்கள்.

லஞ்சம் பணத்தில் தொடங்குவதில்லை. ஒரு விண்ணப்பத்தில் மூன்று குறைகள் இருப்பது பார்த்தவுடனே தெரிகிறது. எழுத்தர் ஒன்றை மட்டும் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். அடுத்த முறை இரண்டாவதைச் சொல்கிறார். மூன்றாம் முறை வருகிறவர், "ஏதாவது பார்த்துச் செய்யணுமா சார்?" என்று தானே கேட்டுவிடுவார். எழுத்தர் வாய் திறந்து கேட்கவே இல்லை, விதியையும் மீறவில்லை. மூன்றையும் முதல் நாளே ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, பதிவேட்டு வரிசைப்படி கோப்பை நகர்த்தியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இந்த இழுத்தடிப்பைப் பாவம் என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

அப்புறம், மாலையில் பிரிவுக்குள் பங்கு பிரிப்பார்கள். வாங்காதவனைக் காட்டிக்கொடுப்பவன் என்றே பார்ப்பார்கள். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் வேண்டாம் என்றான். யாரும் அவனைத் திட்டவில்லை. அவன் வைத்த கோப்புகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கேள்வியோடு திரும்பி வந்தன. அந்தத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அவனுக்கே மெமோவும் வந்தது. கடைசியில் ஒருநாள் பங்கை வாங்கிக்கொண்டான். அவன் கோப்புகள் மறுபடி நகரத் தொடங்கின. அவனும் உங்கள் பிரசங்கத்தைக் கேட்கிறவன்தான். அவனுக்கு என்ன சொல்வீர்கள்?

லூக்கா 3-ஆம் அதிகாரத்தில், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று வரி வசூலிப்பவர்கள் யோவானிடம் கேட்கிறார்கள். கூடுதலாகப் பிடுங்குவதே அந்தத் தொழிலின் வழக்கமாக இருந்த காலம் அது. அவர் வேலையை விடச் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். போர்ச்சேவகர்களுக்கு வேறு பதில்: மிரட்டாதீர்கள், பொய்க்குற்றம் சுமத்தாதீர்கள், சம்பளம் போதுமென்று இருங்கள். அந்தந்த வேலையின் பாவத்தைத் தெரிந்து பேசினார். எங்களிடமும் அப்படிப் பேசுங்கள்.

ஆராதனை முடிந்ததும் வாசலில், "நம்ம ஃபைலை முதல்ல எடுத்துவிடுங்க" என்கிறவர்களிடமும் பேசுங்கள். முன்தேதி போட்டு ஒரு கையெழுத்து கேட்பவர்களும் சபையார்தான். வரிசையில் காத்திருக்கும் முகம் தெரியாதவரின் நாளைத்தான் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கொடுப்பவரை விட்டுவிட்டு வாங்குபவரை மட்டும் கண்டிப்பது எந்த ஊர் நியாயம்? கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை இதைப் பற்றிப் பேசுமுன், சபையில் உள்ள எழுத்தர்கள் சிலரை அழைத்து அவர்களுடைய ஒரு நாள் வேலையைக் கேளுங்கள். பங்கை மறுத்தவனுக்கு மெமோவோ இடமாற்றமோ வந்தால் சபையில் யார் அவனுடன் நிற்பார்கள் என்பதையும் மேடையிலேயே சொல்லுங்கள். பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபையில் அமரும் ஓர் எழுத்தர்