ஏசி அறைக்கு எவ்வளவு வாங்குவது? திருகோணமலையில் அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வீட்டுக்காரர்களுக்கு,

உவர்மலை, உப்புவெளி, கோணேசபுரிப் பக்கம் அறை வாடகைக்கு விடும்போது ஒரு வழக்கம் இருக்கிறது. மின்விசிறி வாடகைக்குள் அடக்கம். கூலர் வைத்தால் மாதம் இவ்வளவு, ஏசி என்றால் இவ்வளவு. அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டால், பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்பதற்கு மேல் பதில் இல்லை. மாத முடிவில் பில் வந்ததும் வீட்டுக்காரர் ஏமாந்தாரா, வாடகைக்கு இருப்பவர் ஏமாந்தாரா என்று இருவருக்கும் தெரியாது. உங்கள் வீட்டு மீற்றரிலேயே இதற்குக் கணக்கு இருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்று எழுதுகிறோம்.

முதலில் மீற்றரின் முகப்பைப் பாருங்கள். இலக்க மீற்றர் என்றால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் அருகே 1600 imp/kWh என்பதுபோல் அச்சிட்டிருக்கும். அந்த விளக்கு 1600 தடவை சிமிட்டினால் ஓர் அலகு முடிந்தது என்று பொருள். அப்படியானால் நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் என்பது 37.5 வோட்ஸ். உங்கள் மீற்றரில் 1600 இல்லாமல் வேறு எண் இருந்தால், 60,000ஐ அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டர், விளக்குகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பார்க்க வேண்டிய பொருளை மட்டும் ஓடவிட்டு, மூன்று நிமிடம் எண்ணுங்கள். ஒரு நிமிடம் மட்டும் எண்ணினால் சின்னப் பொருட்களில் பிழை கூடிவிடும்.

சாதாரண சீலிங் மின்விசிறி முழு வேகத்தில் மூன்று நிமிடத்துக்கு ஆறு சிமிட்டல் காட்டும். அது 75 வோட்ஸ். நடுத்தரக் கூலர் ஒன்று எட்டு காட்டும், 100 வோட்ஸ். 9,000 BTU இன்வேர்ட்டர் ஏசியைப் போட்டால் முதல் அரை மணிக்கு எண்ணக் கண் வலிக்கும். மூன்று நிமிடத்தில் 64, அதாவது 800 வோட்ஸ். அறை குளிர்ந்த பின் அது 29 அளவுக்கு இறங்கினால் 360 வோட்ஸில் ஓடுகிறது. சீலிங் அடித்த, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் 26 பாகையில் வைத்தால் இந்த அளவை எதிர்பார்க்கலாம்.

இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணிவரை ஒன்பது மணித்தியாலம் என்று வைத்து 30 நாளைக்குப் பெருக்குங்கள். மின்விசிறி 20 அலகு, கூலர் 27, ஏசி இரவுக்கு மூன்றரை வீதம் 105. மின்விசிறியைப்போல் ஏசி ஐந்து மடங்கு என்று இதைப் பார்த்ததும் தோன்றும். அலகில் அது சரி. ரூபாவில் சரியில்லை. எங்கள் கட்டணம் படிப்படியாக ஏறுவது, அலகு கூடக்கூட அடுத்த அலகின் விலையும் கூடும்.

2025 ஜூன் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். பிறகு விலை மாறியிருந்தால் கையிலுள்ள பில்லின் எண்களைப் போடுங்கள், வழி மாறாது. மாதம் 60 அலகைத் தாண்டும் வீட்டுக்கு முதல் 60 அலகும் 12.75 ரூபா வீதம், 90 வரை 18.50, 120 வரை 24, 180 வரை 41, அதற்கு மேல் 61. நிலையான கட்டணமும் கூடவே ஏறும். 91 முதல் 120 வரை 1,000 ரூபா, 180 வரை 1,500, அதைத் தாண்டினால் 2,100. அடியில் சேரும் வரியை இங்கே விட்டுவிட்டோம்.

அந்த அறையின் காற்று வசதி எதுவும் இல்லாமல் மாதம் 100 அலகு எரிக்கும் ஒரு வீட்டை எடுங்கள். பில் 2,560 ரூபா. அறையில் மின்விசிறி மட்டும் ஓடினால் 120 அலகு, 3,040 ரூபா. கூடியது 480. மின்விசிறிக்குப் பதில் கூலர் ஓடினால் 127 அலகு, 3,827 ரூபா. கூடியது 1,267. மின்விசிறியைவிட ஏழே ஏழு அலகுதான் அதிகம், ஆனால் 120 என்ற கோட்டைத் தாண்டியதால் அந்த ஏழு அலகுக்கு 787 ரூபா. ஏசி ஓடினால் 205 அலகு, 8,125 ரூபா. கூடியது 5,565. இன்வேர்ட்டர் இல்லாத பழைய ஏசி இரவுக்கு ஐந்து அலகு குடித்தால் பில் 10,870க்குப் போகும்.

இதே அறை, இதே பொருட்கள், வேறு வீடு என்றால் தொகையும் வேறு. ஏற்கெனவே 180ஐத் தாண்டிய வீட்டில் மின்விசிறியின் 20 அலகும் 61 ரூபா வீதம் போகும், அங்கே அது 1,220 ரூபாவின் பொருள். பக்கத்து வீட்டுத் தொகை உங்களுக்குப் பொருந்தாது என்று நாங்கள் சொல்வது அதனால்தான். வோட்ஸ் குறைந்த பீஎல்டிசி மின்விசிறி பூட்டுவது யாருக்கு லாபம் என்பதும் இதில்தான் தெரியும். 30 வோட்ஸ் மின்விசிறி மாதம் 12 அலகு மிச்சம் பிடிக்கும். எங்கள் 100 அலகு வீட்டில் அது 288 ரூபா, 180ஐத் தாண்டிய வீட்டில் 732. பழைய மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் உடனே புதிது வாங்காதீர்கள். பெரும்பாலும் கப்பாசிட்டர் வலுவிழந்திருக்கும். 2.5 மைக்ரோஃபரட் என்று எழுதியிருப்பது அளந்தால் 1.8 காட்டும். காற்று குறையும், மின்சாரம் அந்த அளவுக்குக் குறையாது.

கூலரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏசிக்குக் காசில்லாதவர்கள் அதைத்தான் வாங்கி அறைக்குள் வைக்கிறார்கள். கூலர் ஆவியாக்கும் தண்ணீரால் குளிர்விக்கிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் தண்ணீர் அவ்வளவாக ஆவியாகாது. கச்சான் வீசும் மாதங்களில் மத்தியானம் 34 பாகை, ஈரப்பதன் 50 வீதம் என்றால், நல்ல கூலர் வாயில் 29 பாகை அளவில் காற்று வரும், இதமாக இருக்கும். அதே அறையில் இரவு 28 பாகை, ஈரப்பதன் 85 வீதம் என்றால் 27க்குக் கீழே இறக்குவதே பாடு. அந்த ஒரு பாகைக்காகக் கதவு ஜன்னலைப் பூட்டிவிட்டுப் படுத்தால், கூலர் விடும் ஈரம் அறைக்குள்ளேயே தங்கும். விடியும்போது தலையணை பிசுபிசுக்கும், வெறும் மின்விசிறியே மேல் என்று தோன்றும். வாடைக்காற்றும் மழையும் உள்ள மாதங்களில் பகலிலும் இதே கதைதான்.

கடையில் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். சாதாரண வெப்பமானியின் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, மின்விசிறிக்கு முன்னால் ஐந்து நிமிடம் பிடியுங்கள். அது காட்டும் பாகைக்குக் கீழே எந்தக் கூலரும் போகாது. இரவு பத்து மணிக்கு அறையின் வெப்பத்துக்கும் அதற்கும் இரண்டு மூன்று பாகைதான் வித்தியாசம் என்றால் கூலர் வாங்கிப் பயனில்லை. தொட்டிக்குள் ஐஸ் போடலாமே என்பார்கள். இரண்டு கிலோ ஐஸ் முழுக்க உருகி அறையின் சூட்டுக்கு வரும்வரை எடுக்கும் வெப்பத்தை, 9,000 BTU ஏசி ஐந்தாறு நிமிடத்தில் எடுத்துவிடும். அந்த ஐஸைச் செய்ய உங்கள் குளிர்சாதனப் பெட்டி எரித்த அலகும் உங்கள் பில்லில்தான். தொட்டித் தண்ணீரை நாள்கணக்கில் விட்டால் டெங்கு நுளம்புக்கும் வீடு கொடுத்ததாகிவிடும். எங்கள் கருத்து: ஜன்னல் திறந்த கூடத்தில், கச்சான் மத்தியானத்துக்குக் கூலர் சரி. படுக்கையறை இரவுக்கு அதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஏசியில் மேலே போட்ட கணக்கு தவறுவதற்குக் காரணம், சிமிட்டல் இறங்காமல் நிற்பது. ஒரு மணித்தியாலம் கழிந்தும் மூன்று நிமிடத்துக்கு 60 காட்டினால், இரவுக்கு மூன்றரை அலகு ஏழாகும். குறை இயந்திரத்திலா அறையிலா என்பதை, ஏசியைப் போட்டுக் கால் மணிக்குள், அது முழு வேகத்தில் ஓடும்போதே கண்டுபிடிக்கலாம். காற்று வரும் வாயில் வெப்பமானியைப் பிடியுங்கள். அறையைவிட எட்டு முதல் பன்னிரண்டு பாகை குறைவாக வந்தால் இயந்திரம் நலம், அறைதான் குளிரை விடுகிறது. கதவடி இடைவெளி, பூட்டாத காற்றுத் துவாரம், சீலிங் இல்லாத சீற் கூரை, மேற்கு வெயில் குடித்த சுவர் என்று தேடுங்கள். வித்தியாசம் ஐந்தாறு பாகைதான் என்றால் முதலில் உள்ளே இருக்கும் வலையைக் கழற்றிக் கழுவுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் வெளிப்பெட்டியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்து, விரலால் தொட்டாலே மாவாக உதிரும். வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாமல் மோட்டர் மூச்சுத்திணறி ஓடும். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அழுத்தமில்லாத நல்ல தண்ணீரால் அந்தத் தகடுகளைக் கழுவினால் உப்பு தங்காது. வெளிப்பெட்டியைக் கடலுக்கு நேரே பூட்டாமல் சுவர் மறைவில் பூட்டினால் இன்னும் நல்லது. வாயு குறைந்திருக்கிறது என்று நிரப்புவது கடைசியாகப் பார்க்க வேண்டிய வேலை. ஒழுக்கைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் மறுபடி குறையும்.

இனி வாங்க வேண்டிய தொகை. ஏசிக்குத் தனி வயர் இழுத்து, தனி பிரேக்கர் போட்டு, அந்த வழியில் ஒரு சின்ன சப் மீற்றர் பூட்டுங்கள். பில்லுக்காக வீட்டு மீற்றர் வாசிக்கும் அதே நாளில் அதையும் வாசியுங்கள். பிறகு பில்லை ஆட்களின் எண்ணிக்கையால் பிரிக்காதீர்கள், சராசரி அலகு விலையாலும் பெருக்காதீர்கள். எங்கள் 205 அலகு வீட்டில் சராசரி 39.63 ரூபா. அந்த வீதம் 105 அலகுக்கு 4,161 ரூபா வாங்கினால் வீட்டுக்காரருக்கு மாதம் 1,400 ரூபா போல் கைநட்டம். எல்லா அலகையும் 61 ரூபாவாகப் போட்டால் 6,405, அங்கே வாடகைக்கு இருப்பவர் 840 ரூபா கூடக் கொடுக்கிறார். நியாயமான தொகை, ஏசி இல்லாவிட்டால் வந்திருக்கும் பில்லுக்கும் வந்த பில்லுக்கும் உள்ள வித்தியாசம், 5,565. மின்விசிறி வாடகைக்குள் அடக்கம் என்று பேசியிருந்தால் அதன் 480ஐக் கழித்து 5,085. இரண்டு அறைகளில் ஏசி இருந்தால் இரண்டும் இல்லாத பில்லைப் போட்டு, கூடிய தொகையை இரண்டு சப் மீற்றர்களின் அலகு விகிதப்படி பிரியுங்கள். யாருடைய ஏசி 180ஐத் தாண்ட வைத்தது என்று சண்டை பிடிக்க வேண்டியிராது.

அறை கொடுக்கும் நாளில் சப் மீற்றரின் எண்ணை இருவரும் பார்த்து, வாடகைத் துண்டிலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டு மின்வேலை செய்யும் சிலர்,
திருகோணமலை