கடல் பக்க ஜன்னல்கள்: கட்டுமான நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பழைய அலுமினிய ஜன்னல்களைக் கழற்றிவிட்டு எல்லா வீட்டுக்கும் யுபிவிசி ஸ்லைடிங் போடப்போவதாகவும், அதோடு ஒழுகல் தீர்ந்துவிடும் என்றும் அறிவித்திருக்கிறீர்கள். தீராது. கடலைப் பார்த்த பக்கத்துக்கு ஸ்லைடிங் வேண்டாம், கதவு போல வெளியே திறக்கும் ஜன்னல் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மழைக்காலத்தில் நடப்பதை நீங்களே வந்து பார்த்தீர்கள். படுக்கையைச் சுவரிலிருந்து நகர்த்திவிட்டு, ஜன்னலடியில் துணியைப் போட்டுப் பிழிந்துகொண்டே இரவு கழிகிறது. "வடிகால் துளை அடைத்திருக்கும்" என்றார் உங்கள் பொறியாளர். துளைகள் சுத்தமாகத்தான் இருந்தன. ஸ்லைடிங் தடத்தின் உள்விளிம்பு 30 மில்லிமீட்டர்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகக் காற்று, ஏறக்குறைய அதே 30 மில்லிமீட்டர் உயர நீரைத் தடத்துக்குள் தாங்கி நிறுத்திவிடும். துளை வழியே வெளியேற வேண்டிய தண்ணீரைக் காற்று உள்ளே தள்ளுகிறது. விளிம்பைத் தாண்டி வீட்டுக்குள் வருகிறது. அதைவிட வேகமாகக் காற்றடித்தால் கேட்கவே வேண்டாம். சட்டம் யுபிவிசியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வெளியே திறக்கும் ஜன்னலிலோ காற்று தள்ளத் தள்ளக் கதவு ரப்பர் பட்டையின் மேல் இன்னும் இறுகும்.

உப்புக் காற்றுக்கு யுபிவிசி நல்லதுதான், மறுக்கவில்லை. அது துருப்பிடிக்காது. ஆனால் அதற்குள் விறைப்புக்காக வைக்கும் இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். வடிகால் துளையை அந்தக் குழாய் இருக்கும் உள்கூடு வழியே போட்டுவிட்டால் உள்ளே இரும்பு அரிப்பது வெளியே தெரியவே தெரியாது. அலுமினியத்தில் பவுடர் பூச்சு வெட்டிய முனைகளில்தான் முதலில் கொப்பளிக்கும். எங்கள் பழைய ஜன்னல்களின் மூலைகளைத் தடவிப் பார்த்தால் புரியும். தேக்குச் சட்டத்தை உப்பு ஒன்றும் செய்யாது. மழையில் உப்பிப் பிடித்துக்கொள்ளும், வண்ணத்தை விடாமல் பராமரிக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றிலும் முதலில் கெடுவது கீலும் ஸ்க்ரூவும். சாதாரண 304 ரக எவர்சில்வர் கடலோரத்தில் பழுப்பேறிவிடும்; 316 ரகம்தான் தாங்கும். உங்கள் மதிப்பீட்டில் கண்ணாடியின் நிறம்வரை எழுதியிருக்கிறீர்கள், கீலின் ரகத்தை எழுதவில்லை. குடியிருப்பவர்களைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டு, அப்புறம் பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் எங்களிடம் கேட்பது நியாயமா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடல் பக்கத்துக்கு வெளியே திறக்கும் ஜன்னலும் 316 ரகக் கீலும் தரும்படி மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். ஆர்டர் கொடுக்கும் முன், காற்றழுத்தத்தோடு நீர் பீய்ச்சிச் செய்த சோதனை அறிக்கையைத் தயாரிப்பாளரிடம் வாங்கி எங்களுக்குக் காட்டுங்கள். வெறும் ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக் காட்டினால் ஏற்க மாட்டோம்.

நன்றி.

இப்படிக்கு,
கடல் பக்க வீட்டில் குடியிருப்பவர்