மீன்கள் செத்த ஏரியும் ஒரு நல்ல முன்னொட்டும்: வினாத்தாள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கில வாசிப்புத் தேர்வுகளுக்குப் பத்திகளைத் தேர்ந்தெடுத்து வினா எழுதும் பெரியோருக்கு,

வணக்கம்.

அறிவியல் பத்தி ஒன்றைக் கொடுத்து, மாணவர் முன்பு கண்டிராத ஒரு சொல்லுக்கு அடிக்கோடிட்டு, அதன் பொருள் என்ன என்று கேட்கிறீர்கள். அந்த வினா வேண்டாம் என்று சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை. அது எழுதப்படும் முறையில்தான் எனக்கு வழக்கு. நான் பார்க்கும் வினாக்களில் ஒரு பாதி, முன்னொட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கே மதிப்பெண் தருகிறது. அவர் பத்தியைப் படிக்கவே தேவையில்லை. மறு பாதியில், சொல்லைக் காகிதத்தால் மறைத்துவிட்டுப் பத்தியை மட்டும் படித்தாலும் விடை வந்துவிடுகிறது. சொல்லின் உறுப்புகளையும் சுற்றியுள்ள வாக்கியங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பவரை இரண்டுமே கண்டுகொள்வதில்லை. உண்மையான வாசகர் செய்வதோ அந்த ஒப்பீட்டைத்தான்.

ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். ஏரிகளைப் பற்றிய ஆங்கிலப் பத்தி. அதன் சாரம் இது; கலைச்சொற்களையும் 'ஆர்' என்ற ஆங்கில இணைப்புச் சொல்லையும் மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். 'ஒலிகோட்ரோஃபிக் ஏரிகளில் தண்ணீர் தெளிவாக இருக்கும். பாசி மிகக் குறைவு. கழிவுநீரும் வயல்களின் உரமும் கலக்கும்போது அங்கே யூட்ரோஃபிகேஷன் தொடங்குகிறது. பாசி பெருகி நீர்ப்பரப்பை மூடுகிறது. அது மடிந்து அடியில் படிய, அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஆழத்து நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. இதனால் ஏற்படும் ஹைபாக்ஸியா, ஆர் ஆக்சிஜன் பற்றாக்குறை, மீன்களைக் கொல்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1973-இல் டேவிட் ஷிண்ட்லரும் உடன் பணியாற்றியவர்களும் 226 என்ற எண் கொண்ட ஏரியின் நடுவே திரையிட்டு அதை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பாதிகளிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்க்கப்பட்டன. ஒன்றில் மட்டும் பாஸ்பரஸும் சேர்க்கப்பட்டது. பாஸ்பரஸ் பெற்ற பாதியை சயனோபாக்டீரியா மூடியது.'

யூட்ரோஃபிகேஷன் என்ற சொல்லுக்கு அடிக்கோடிட்டு நான்கு விடைகள் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏரி நலமடைதல், ஏரி நஞ்சாதல், நீரில் ஊட்டம் மிகுதல், நீரில் ஊட்டம் குறைதல்.

பட்டியலை மட்டும் நம்பும் மாணவர் சொல்லை இப்படி வெட்டுகிறார். 'யூ' என்றால் நல்ல. யூஃபோரியா, யூலஜி என்ற சொற்களிலிருந்து அது அவருக்குத் தெரியும். 'ட்ரோஃப்' என்றால் ஊட்டம். 'ஃபிகேஷன்' என்றால் ஆக்குதல், ப்யூரிஃபிகேஷனில் இருக்கிறதே. நல்ல ஊட்டம் உள்ளதாக ஆக்குதல் என்று கூட்டி, 'ஏரி நலமடைதல்' என்ற விடையைக் குறித்துவிடுகிறார். அவர் வெட்டிய இடமும் தவறு. யூட்ரோஃபிக் என்ற உரிச்சொல்லோடு 'ஏஷன்' சேர்ந்தது இந்தச் சொல். 'ஃபிகேஷன்' போல ஒலிப்பதில் முதல் பகுதி 'ட்ரோஃப்' என்ற வேரின் வால். எழுத்தைப் பார்த்தால் தெரியும்: ப்யூரிஃபிகேஷனில் எஃப், இங்கே பி-எச். ஆனாலும் இந்தப் பிழை அவரைக் கெடுக்கவில்லை. எப்படி வெட்டினாலும் இது ஒரு நிகழ்முறையைக் குறிக்கும் பெயர்ச்சொல் என்பதை முடிவு சரியாகவே காட்டிவிடுகிறது. அவரைக் கெடுத்தது, 'நல்ல' என்பதை ஏரிக்கு நல்லது என்று வாசித்ததுதான். மூன்று வாக்கியங்கள் தள்ளி மீன்கள் செத்துக் கிடக்கின்றன. அவர் அங்கே போகவே இல்லை.

பத்தியை மட்டும் நம்பும் மாணவர் வேறு விதமாகத் தவறுகிறார். கழிவுநீர், உரம், செத்த மீன்கள் என்று கண் ஓடுகிறது. 'ஏரி நஞ்சாதல்' என்று குறிக்கிறார். சூழலுக்கு அது பொருந்தவும் செய்கிறது! காரணமும் விளைவும் கெட்டவையாக இருக்கும்போது இடையில் நிற்பதும் நஞ்சாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மீன்களைக் கொன்றது நஞ்சு இல்லை. மிதமிஞ்சிய தீனியால் கொழுத்த பாசியும் அதைத் தின்ற பாக்டீரியாவும். இதை அவருக்குச் சொல்லக்கூடிய தெளிவான சாட்சி சொல்லுக்குள் இருக்கும் 'ட்ரோஃப்'. நச்சைக் குறிக்கும் எந்த உறுப்பும் அந்தச் சொல்லில் இல்லை.

மூன்றாமவர் இரண்டையும் எதிரெதிரே வைக்கிறார். சொல் ஊட்டம் என்கிறது, நல்ல என்கிறது. பத்தி சாவு என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க வேண்டுமானால் ஊட்டம் அளவு கடந்திருக்க வேண்டும். நல்ல தீனி பாசிக்குத்தான், மீனுக்கு இல்லை. பிறகு முதல் வாக்கியத்துக்குத் திரும்புகிறார். ஒலிகோட்ரோஃபிக்கிலும் அதே 'ட்ரோஃப்'. ஒலிகார்க்கி என்றால் சிலர் ஆட்சி என்று அவருக்குத் தெரிந்திருந்தால் 'ஒலிகோ' என்பது குறைவு. குறைந்த ஊட்டம், தெளிந்த நீர். மிகுந்த ஊட்டம், பாசி. கடைசியில் பாஸ்பரஸ் என்ற ஊட்டம் கிடைத்த பாதி மட்டும் மாறியதைப் படிக்கும்போது அவருடைய ஊகம் ஒரு பரிசோதனையால் உறுதிப்படுகிறது. இந்த மாணவருக்காக வினா எழுதுங்கள் என்பதே நான் கேட்பது.

அதற்கு ஒரு சோதனை உண்டு. அரை மணி நேரம்கூட ஆகாது. வினாவை எழுதியதும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவருக்குச் சொல் இருக்கும் இடத்தில் வெறும் கோடு. பத்தி முழுதும் இருக்கட்டும். மற்றவருக்கு அந்தச் சொல்லும் விடைகளும் மட்டும், பத்தி கிடையாது. முதலாமவர் சரியாகச் சொன்னால் உங்கள் வினா சொல்லைச் சோதிக்கவில்லை. இரண்டாமவர் சரியாகச் சொன்னால் அது வாசிப்பைச் சோதிக்கவில்லை. இருவரும் தவறி, இரண்டையும் பெற்ற மூன்றாமவர் சரியாகச் சொன்னால் அந்த வினா நிற்கலாம். ஒருமுறை தற்செயலாகவும் சரியாகிவிடலாம் என்பதால், விடையோடு காரணத்தையும் கேளுங்கள்.

இந்தப் பத்தியிலேயே அந்தச் சோதனையில் தோற்கும் சொற்கள் இருக்கின்றன. ஹைபாக்ஸியா அப்படிப்பட்டது. அதன் பொருளைப் பத்தியே அடுத்த மூன்று சொற்களில் சொல்லிவிடுகிறது. ஆனாலும் அந்த இடத்தில் கற்பிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. காற்புள்ளிக்குப் பின் வரும் 'ஆர்' அங்கே 'அல்லது' ஆகாது, 'அதாவது' ஆகும். பல மாணவர்கள் ஹைபாக்ஸியா ஒன்று, ஆக்சிஜன் பற்றாக்குறை வேறொன்று, இரண்டில் ஏதோ ஒன்று மீனைக் கொல்கிறது என்று வாசிக்கிறார்கள். முன்னொட்டுப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்தப் பிழையைத் திருத்தாது. 'ஹைபோ' குறைவு, 'ஹைப்பர்' மிகுதி என்று குழம்பும் மாணவரையும் அந்த ஒரு காற்புள்ளியே காப்பாற்றும். ஆகவே ஹைபாக்ஸியாவைக் கேட்பதானால், மீன்கள் இறந்ததற்கு எத்தனை காரணங்களைப் பத்தி சொல்கிறது என்று கேளுங்கள்.

சயனோபாக்டீரியாவை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். நீலப்பச்சைப் பாசி என்று அழைக்கப்படும் பாக்டீரியா அது; 'சயனோ' என்றால் நீலம். மாணவருக்கோ சயனைடு நினைவுக்கு வரும். நச்சு பாக்டீரியா என்று எழுதுவார். சயனைடும் பிரஷ்ய நீலம் என்ற சாயத்தின் வழியாகப் பெயர் பெற்றதுதான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதோடு, சில வகை சயனோபாக்டீரியா உண்மையிலேயே நஞ்சு சுரக்கும். உறுப்பு தவறாக வழிகாட்டி, உண்மையும் அந்தத் தவறோடு பாதி ஒத்துப்போய், பத்தி எதையும் தீர்த்துவைக்காத சொல் அது. அதை வைத்து மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை.

இன்னொரு வகைச் சொற்களையும் தள்ளிவையுங்கள்: பழைய தவறான நம்பிக்கையை உறுப்புகளாகக் கொண்டவை. மலேரியாவை வெட்டினால் கெட்ட காற்று வரும். 1897-இல் ரொனால்ட் ராஸ் அதன் கிருமியைக் கொசுவின் உடலில் கண்டார். ஆக்சிஜன் என்றால் அமிலத்தைப் பிறப்பிப்பது. எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று லவாய்சியர் நம்பி வைத்த பெயர், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்று தெரிந்த பிறகும் நிலைத்துவிட்டது. இந்தச் சொற்களை அறிந்தவருக்கு உறுப்பு தேவையில்லை. அறியாதவரை உறுப்பு ஏமாற்றும். ஹைட்ரோகார்பனும் இப்படித்தான் படுத்தும். 'ஹைட்ரோ' தண்ணீர் என்றே பட்டியல்களில் இருக்கிறது. அங்கே அது ஹைட்ரஜன்.

பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயிற்சி நூல்களின் பின்பக்கத்தில் அகர வரிசையில் முன்னொட்டுகளை அடுக்குகிறீர்கள். அதற்குப் பதிலாக, எளிதில் மாறிப்போகும் இணைகளை வாக்கியங்களோடு தாருங்கள். 'ட்ரோஃபிக்' ஊட்டம், 'ட்ரோபிக்' திரும்புதல். வேறுபாடு ஒரே ஓர் எச். ஃபோட்டோட்ரோஃபிக் உயிரி ஒளியிலிருந்து ஆற்றல் பெறுகிறது. ஃபோட்டோட்ரோபிக் தண்டு ஒளியை நோக்கி வளைகிறது. 'வளைகிறது' என்ற வினைச்சொல் பக்கத்தில் இருந்தால் எச்-ஐத் தவறவிட்டவரும் தன்னைத் திருத்திக்கொள்வார். வெற்றிக் கோப்பைக்கான ட்ரோஃபி என்ற சொல்லோ, எச் இருந்தும், 'திரும்புதல்' என்ற வேரிலிருந்தே வந்தது. எதிரியைப் புறங்காட்டித் திரும்பி ஓடச் செய்ததற்கான நினைவுச் சின்னம் அது. இப்படிப்பட்ட விதிவிலக்குகளை ஒளிக்காமல் காட்டினால்தான், வெட்டிப் பார்த்துக் கிடைப்பது ஊகம் மட்டுமே என்பது மாணவர் மனத்தில் பதியும்.

கடைசியாக, மதிப்பெண் பற்றி. 'மினரல்ஸ் சச் ஆஸ் ஃபெல்ட்ஸ்பார்' என்று வந்தால், ஃபெல்ட்ஸ்பார் ஒரு கனிமம் என்று புரிந்துகொண்டு மேலே போகும் மாணவர் சரியாகவே வாசித்திருக்கிறார். அதற்குமேல் அந்தப் பத்தி அவரிடம் எதுவும் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். யூட்ரோஃபிகேஷனுக்கு ஒரு மாணவர் தன் சொந்தச் சொற்களில் 'தண்ணீரில் சத்து அதிகமாகிப் பாசி பெருகுவது' என்று எழுதினால், பாடநூல் வரையறையோடு ஒப்பிடாமல் முழு மதிப்பெண் கொடுங்கள். 'தண்ணீர் கெட்டுப்போவது' என்று எழுதியவருக்குப் பாதி கொடுங்கள். அவர் பத்தியைப் படித்திருக்கிறார், சொல்லைப் பார்க்கவில்லை. 'ஏரி நன்றாக வளர்வது' என்று எழுதியவருக்கும் அதே பாதியைக் கொடுத்து, மீன்கள் இறந்த வாக்கியத்துக்கு அருகில் ஓர் அம்புக்குறி போட்டு விடைத்தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

அன்புடன்,
வாசிப்பு கற்பிக்கும் ஓர் ஆசிரியர்