உன் ஜாதகத்தில் ஒரு மணி நேரப் பிழை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போன வாரம் பேசும்போது, "சைட் வேலையை விட்டுவிட்டுப் பாடம் நடத்தப் போகலாமா என்று இருக்கிறதுப்பா, ஜாதகத்தைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாய். அன்று ராத்திரியே பீரோவில் இருந்து உன் நோட்டை எடுத்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் இன்னும் போகவில்லை. உள்ளே, நீ பிறந்தபோது லண்டன் ஆஸ்பத்திரியில் உன் காலில் கட்டிய பட்டையும் இருந்தது: 15 ஜூலை 1997, காலை 6.45.

அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. ஜூலையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். உண்மையான கிரீன்விச் நேரம் 5.45. நம்மூரில் ஜாதகம் கணித்தவர் அந்த ஒரு மணியைக் கழிக்கவே இல்லை. கழித்தாலும் கழிக்காவிட்டாலும் லக்னம் கடகம்தான் என்பதால் இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாமல் போயிற்று.

லக்னம் மாறவில்லை, ஆனால் உச்சிப்புள்ளி மாறிவிட்டது. நீ பிறந்த நிமிடத்தில் ராசி வட்டத்தின் எந்த இடம் தலைக்கு மேலே செல்லும் தெற்கு வடக்குக் கோட்டைத் தொட்டதோ, அதுதான் உச்சிப்புள்ளி. வெள்ளைக்காரர்கள் மிட்ஹெவன் என்பார்கள், நம் கிருஷ்ணமூர்த்தி பத்ததி என்கிற கே.பி. முறைக்காரர்கள் பத்தாம் பாவ முனை என்பார்கள். நாலு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகரும். பழைய கணக்கில் அது மேஷம் 13 பாகை. திருத்திப் போட்டால் மீனம் 27.

கடகத்துக்குத் தொழிலைச் சொல்லும் பத்தாம் ராசி மேஷம், அதிபதி செவ்வாய். நம்மூரில் கடகத்தின் நடுவில் லக்னம் விழுந்தால் உச்சிப்புள்ளியும் மேஷத்தின் நடுவிலேயே வந்துவிடும். அதனால் ராசியை எண்ணினாலும் புள்ளியைப் பார்த்தாலும் ஒரே பதில்தான். லண்டன் வடக்கே 51 பாகையில் இருக்கிறது. அங்கே கடக லக்னத்துக்கும் உச்சிக்கும் இடைவெளி 90 பாகைக்கு மேல் நிறையவே விரியும், உனக்கு 109. அதனால்தான் ராசிக் கணக்கில் ஒன்பதாம் இடமான மீனத்தில் உன் உச்சி போய் உட்கார்ந்திருக்கிறது. அதன் அதிபதி குரு. ஆக உன் தொழிலுக்கு இரண்டு பேர் பொறுப்பு.

எது சரி என்று கேட்டால் ஜோதிடர்களுக்குள்ளேயே சண்டை. நான் இரண்டையும் வைத்துக்கொள்கிற கட்சி. பத்தாம் ராசி அன்றாடம் கை செய்கிற வேலை, உச்சிப்புள்ளி ஊர் உன்னை என்னவாகப் பார்க்கிறது என்பது. இப்படிப் பிரித்துப் படித்தால் எனக்குப் புரிகிறது.

செவ்வாய் கன்னியில், மூன்றாம் இடத்தில். அங்கிருந்து ஏழாம் பார்வையாக மீனத்தையும் எட்டாம் பார்வையாக மேஷத்தையும் பார்க்கிறார். கான்கிரீட், இரும்பு, ஆட்களோடு மல்லுக்கட்டு, அளவில் மில்லிமீட்டர் தப்பினால் உனக்கு வருகிற கோபம், எல்லாம் அவர் கணக்கு. குரு மகரத்தில் நீசம், அதாவது பலம் இழந்த இடம். வக்கிரம் வேறு, பின்னோக்கி நகர்கிறார். பழைய ஜோதிடர் இதைப் பார்த்துத்தான் "வாத்தியார் வேலையெல்லாம் வேண்டாம்" என்று அடித்துச் சொன்னார். ஆனால் மீனத்தில் யார் இருக்கிறார் பார்: சனி, உச்சிப்புள்ளியை ஒட்டி ஒரு பாகைக்குள். சனி வீட்டில் குரு, குரு வீட்டில் சனி. பரிவர்த்தனை. இப்படி மாறி உட்கார்ந்தால் நீசத்தை அவ்வளவு பெரிதாக எடுக்க வேண்டாம் என்பார்கள்.

இதை வைத்து "வேலையை விடு" என்று நான் சொல்லமாட்டேன். அதே காலையில் லண்டனில் பிறந்த குழந்தைகள் எல்லாம் இஞ்சினியர் ஆகியிருக்கப் போவதில்லை. கிரகம் யாருக்கும் ஆர்டர் அனுப்புவதில்லை. ஆனால் கேள்வியைத் திருத்திக் கேட்க இது உதவுகிறது. சைட்டா, வகுப்பா என்று நீ கேட்கிறாய். சனி உட்கார்ந்த குரு வீடு என்றால் எனக்குத் தோன்றுவது விதிமுறை, சோதனை, மெதுவாகச் சேர்கிற அனுபவத்தைப் பிறருக்குச் சொல்லிக் கொடுப்பது. பாதுகாப்புத் தணிக்கை, டிசைன் சரிபார்ப்பு, புதிதாகச் சேருகிறவர்களைப் பழக்குவது மாதிரி. அதிலும் செவ்வாயின் பார்வை இருப்பதால் சைட்டை முழுக்க விட்டால் உனக்குக் கை அரிக்கும். போன வருஷம் அந்தப் பயிற்சிப் பையன்களைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் உன் குரலில் களைப்பு இல்லை. அது ஜாதகத்தில் பார்த்ததில்லை, நான் காதால் கேட்டது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. உச்சிப்புள்ளி மீனத்தின் கடைசி மூன்று பாகையில் இருப்பதால், நீ பதினொரு நிமிடம் தாமதமாகப் பிறந்திருந்தால் அது மேஷத்துக்குப் போய், நான் எழுதியதில் பாதி அடிபட்டுப் போகும். அம்மாவைக் கேட்டேன். "நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள், நான் எங்கே பார்த்தேன்" என்கிறாள்.

அப்பா

பி.கு.: அந்தப் பட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். 6.45-இல் அந்த 5 சரியாகத் தெரியவில்லை. உன் கண்ணுக்கு என்ன தெரிகிறது பார்த்துச் சொல்.